பிடிப்பான் மாட்டியிருந்தும் வழுக்கி விழுந்தேன்

கொக்குவிலான் · ஜனவரி 12, காலை 10.15

சப்பாத்துக்கு மேல் மாட்டும் ஐஸ் கிரிப் வெறும் ஏமாற்று என்று நான் சொல்கிறேன். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கலாம்.

நேற்றுக் காலை, ஸ்காபரோவில் எங்கள் அடுக்குமாடியிலிருந்து பேருந்துத் தரிப்பிடத்துக்குப் போகும் 300 மீட்டர் நடைபாதையில், கம்பிச்சுருள் வகைக் கிரிப்பை இரண்டு கால்களிலும் மாட்டிக்கொண்டு நடந்தபோதே மல்லாந்து விழுந்தேன். முந்தின நாள் பிற்பகல் மழை பெய்து இரவில் உறைந்திருந்தது. காலையில் வெப்பநிலை −2 பாகை. தெருவைக் கடப்பதற்காக நடைபாதை சரிந்து இறங்கும் முனையில்தான் விழுந்தேன். வலது மணிக்கட்டு வீங்கியிருக்கிறது; முறிவு இல்லை என்று படம் எடுத்துப் பார்த்துவிட்டார்கள். 74 வயதான என் அம்மாவுக்கும் இதே வகையைத்தான் வாங்கி வைத்திருக்கிறேன், அதைக் குப்பையில் போடுவதா என்பதே என் கேள்வி.

சுன்னாகத்தார் · ஜனவரி 12, முற்பகல் 11.02

தம்பி, அம்மாவின் காலுக்குக் குளிர் ஏறாமல் இருக்க வேண்டுமென்றால் உள்ளே கம்பளி வைத்த, முழங்கால் வரை வரும் சப்பாத்து வாங்கிக் கொடுங்கள். நான் 1988இல் வந்த காலத்திலிருந்து அப்படித்தான் அணிகிறேன், ஒரு நாளும் கால் விறைத்ததில்லை.

கொக்குவிலான் · ஜனவரி 12, முற்பகல் 11.20

ஐயா, கால் விறைப்பதைப் பற்றி நான் கேட்கவில்லை. கால் வழுக்குவதைப் பற்றிக் கேட்கிறேன்.

வடதுருவன் · ஜனவரி 12, பிற்பகல் 1.37

−2 பாகையிலேயே விழுந்திருக்கிறீர்கள் என்றால் −20 பாகையில் என்ன ஆவீர்கள்? குளிர் கூடக் கூட ஐஸ் வழுக்குவதும் கூடும். நான் எட்மண்டனில் இருக்கிறேன். இங்கே கம்பிச்சுருளை யாரும் மதிப்பதில்லை, ஆணி வைத்ததைத்தான் மாட்டுகிறோம். ஆணி வைத்தது வாங்குங்கள், விவாதத்தை முடித்துக்கொள்ளலாம்.

முல்லை · ஜனவரி 12, இரவு 9.50

கொக்குவிலான் அண்ணா, உங்கள் கிரிப்பைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதற்கு முன் மூன்று விடயங்கள் எனக்குத் தெரிய வேண்டும். கால் முன்பக்கமாகச் சறுக்கியதா, பின்பக்கமாகச் சறுக்கியதா? விழுந்து எழுந்தபோது கம்பிச்சுருள் சப்பாத்தின் அடியில் எந்த இடத்தில் இருந்தது? உங்கள் சப்பாத்தின் அடிப்பாகம் நுனியிலிருந்து குதிகால் வரை எத்தனை சென்டிமீட்டர்? நான் கேட்பது வெளிப்புற நீளத்தை, பெட்டியில் எழுதியிருக்கும் அளவை அல்ல. வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பராமரிக்கும் பணியாளர்களுக்கு ஒவ்வொரு நவம்பரிலும் இதைப் பயிற்றுவிப்பது என் வேலைகளில் ஒன்று. கிரிப் மாட்டிக்கொண்டே விழுந்தவர்கள் வந்தால் நான் முதலில் கேட்பது இந்த மூன்றும்தான்.

வடதுருவனுக்கு: நீங்கள் சொன்னதில் பாதி தலைகீழாக இருக்கிறது. காலடிக்கு மிக மோசமான ஐஸ், உருகும் நிலைக்கு ஒட்டியிருக்கும் ஐஸ்தான். அதன் மேல் மெல்லிய நீர்ப்படலம் நிற்கும், ரப்பர் அந்தப் படலத்தின் மேல் மிதந்து போய்விடும். −20 பாகையில் ஐஸ் காய்ந்து இறுகிக் கிடக்கும். அதன் மேல் சாதாரணக் குளிர்காலச் சப்பாத்தே ஓரளவு பிடிக்கும். ஆனால் மீதிப் பாதியில் உண்மை இருக்கிறது. கடுங்குளிரில் ஐஸ் கல்லைப் போல இறுகுவதால் மழுங்கிய இரும்பு அதில் இறங்காது. கூரான ஆணிக்கு அங்கேதான் வேலை. உங்கள் ஊருக்கு உங்கள் முடிவு பொருந்தும், காரணம்தான் பொருந்தாது.

கொக்குவிலான் · ஜனவரி 13, காலை 8.05

நேற்று இரவு முழுவதும் யோசித்துப் பார்த்தேன். வலது கால் முன்னால் போய்விட்டது, உடம்பு பின்னால் சாய்ந்தது, கையை ஊன்றினேன். அப்படியானால் குதிகால் ஊன்றிய கணத்தில் சறுக்கியிருக்க வேண்டும்.

கிரிப்பை இன்றுதான் ஒழுங்காக எடுத்துப் பார்த்தேன். வலது காலுக்குரியதில் பின்பக்க ரப்பர் வளையம் சப்பாத்தின் குதிகாலை விட்டுக் கழன்று மேலே ஏறியிருக்க வேண்டும், ஏனெனில் பின்னங்கம்பிகள் மினுமினுவென்று புதிதாகவே இருக்கின்றன. நடுக் கம்பிகளும் முன் கம்பிகளும் மட்டும் தேய்ந்து தட்டையாகியிருக்கின்றன. சப்பாத்தின் அடியிலோ, பாதத்தின் வளைவுக்கு நேர் கீழே, ரப்பரில் கம்பி அழுந்திய இரண்டு கோடுகள் தெரிகின்றன. குதிகாலில் ஒரு கோடுகூட இல்லை. வெளிப்புற நீளம் 31 சென்டிமீட்டர். கிரிப்பின் உறையில் 'M, 40 முதல் 43 வரை' என்று இருந்தது. என் அளவு 43.

முல்லை · ஜனவரி 13, இரவு 10.12

இப்போது விளங்குகிறது. அந்தக் காலையில் உங்கள் வலது குதிகாலின் கீழ் கிரிப் இருக்கவே இல்லை.

நடக்கும்போது முதலில் தரையைத் தொடுவது குதிகால். அந்தக் கணத்தில் உடல் எடை இன்னும் பின்காலிலேயே இருக்கிறது, முன்காலோ முன்னோக்கிய வேகத்தோடு இறங்குகிறது. அங்கே சறுக்கினால் திரும்பிச் சமாளிக்க நேரம் இராது. உடம்பு பின்னால் போகும், மணிக்கட்டு, இடுப்பு, தலையின் பின்புறம் ஆகியவை அடிபடும். பாதத்தின் முன்பகுதி சறுக்குவது பெரும்பாலும் உந்தும்போது. கால் பின்னால் வழுகும், முழங்கால் மடங்கும், பெரும்பாலும் தடுமாறி நின்றுவிடுவோம். ஆகவே முன்பகுதிக்கு மட்டும் ஆணி வைத்த கிரிப்பை மலையேறும் பாதையில் மெச்சுவார்கள், நகர நடைபாதையில் நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. சரிவில் இறங்கும்போது குதிகாலின் பங்கு இன்னும் கூடுகிறது, நீங்கள் விழுந்ததும் அத்தகைய சரிவில்தான்.

உறையில் எழுதியிருக்கும் 40 முதல் 43 வரை என்பது சாதாரணச் சப்பாத்துக்குரிய கணக்கு. குளிர்காலச் சப்பாத்தின் அடிப்பாகம் தடித்தும் அகன்றும் இருக்கும். 43 அளவுள்ள கோடைச் சப்பாத்து ஒன்றையும் உங்கள் பனிச் சப்பாத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள், இரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம் வந்தால் எனக்கு ஆச்சரியமில்லை. அளவு வரம்பின் மேல் எல்லையில் இருப்பவர்கள் அடுத்த பெரிய அளவை எடுக்க வேண்டும். சிறியதை இழுத்து மாட்டினால் ரப்பர் தொடக்கத்தில் நன்றாகக் கவ்வியிருப்பதாகத் தோன்றும், ஆனால் இழுவை முழுவதும் குதிகாலின் மேல் விளிம்பில்தான் இருக்கும். பத்துக் காலடி நடந்ததும் அது மேலே ஏறிக் கம்பிகளை முன்னே இழுத்துவிடும்.

இந்த வகையே ஏமாற்று என்பதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். அமெரிக்காவின் விஸ்கான்சினில் அடிக்கடி விழும் வழக்கமுள்ள முதியவர்கள் 109 பேரை இரண்டு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு இந்தக் கம்பிச்சுருள் வகையைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2005இல் வெளிவந்தது. மாட்டியவர்கள் வெளியே விழுந்தது மற்றவர்கள் விழுந்ததில் ஏறத்தாழப் பாதிதான்.

கொக்குவிலான் · ஜனவரி 13, இரவு 10.40

இரண்டு சென்டிமீட்டர் இல்லை. இரண்டரை.

திருகாணி · ஜனவரி 14, காலை 7.20

இவ்வளவு செலவும் யோசனையும் எதற்கு? பழைய சப்பாத்தின் அடியில், தலை அறுகோணமாக இருக்கும் குட்டையான தகட்டுத் திருகாணிகளைத் திருகிவிடுங்கள். அந்தத் தலையின் விளிம்புகள்தான் ஐஸைக் கடிக்கும். பனியில் ஓடும் பயிற்சிக்காரர்கள் பல ஆண்டுகளாக இதைத்தான் செய்கிறார்கள். நான் ஒவ்வொரு சப்பாத்திலும் குதிகாலில் நான்கும் முன்னே ஆறும் போட்டிருக்கிறேன், கழலவும் கழலாது, மேலே ஏறவும் ஏறாது.

முல்லை · ஜனவரி 14, மதியம் 12.30

திருகாணி அண்ணா சொல்வது வேலை செய்யும், ஓடுபவர்களுக்கு இதைவிட மலிவான வழி இல்லை. ஆனால் சப்பாத்தின் அடி எங்கே தடித்திருக்கிறது, எங்கே மெலிந்திருக்கிறது என்று தெரிந்து அதற்கேற்ற நீளமுள்ள திருகாணியைத் தெரிவு செய்ய வேண்டும். 10 மில்லிமீட்டர் திருகாணியை 8 மில்லிமீட்டர் ரப்பரில் திருகினால் அதன் முனை உள்ளங்காலைத் தேடி வரும். துளை வழியாக நீர் ஏறும் என்பதும் உண்டு. இன்னொன்று, இதைக் கழற்ற முடியாது. அது ஏன் குறை என்பதைக் கொக்குவிலான் அண்ணாவே விரைவில் எழுதுவார் என்று நினைக்கிறேன்.

ஒஸ்லோ தேவி · ஜனவரி 15, மாலை 6.45

இங்கே நோர்வேயில் இவற்றைப் 'புரொடர்' என்று சொல்வார்கள். ஒஸ்லோவில் குளிர்காலம் தொடங்கினால் மருந்துக்கடையிலும் மளிகைக்கடையிலும் தொங்கும். நான் 19 ஆண்டுகளாக இதை வைத்தே வேலைக்குப் போய் வருகிறேன், ஆனால் நான் மாட்டுவது குதிகாலுக்கு மட்டும் உரியது: சப்பாத்தின் பின்னே ஒரு பட்டை, அதன் கீழே ஐந்தாறு ஆணிகள். கடைக்குள் நுழையும்போது அதை மேலே மடக்கி விட்டுவிடலாம், குனிந்து கழற்ற வேண்டியதில்லை. முல்லை சொன்ன குதிகால் விளக்கத்தைப் படித்தபோது என் தெரிவு சரிதான் என்று எனக்கு ஒரு கர்வம் வந்தது. அயல்நாடான சுவீடனில் கோத்தன்பேர்க் நகரம் 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இவற்றை இலவசமாகவே கொடுத்தது. நம் நகரசபை எங்களுக்குப் பொடிக்கல்லைத் தூவிவிட்டுப் போகிறது, அதுவும் வசந்தத்தில் காலணிக்குள் புகுந்துகொள்கிறது.

முல்லை · ஜனவரி 15, இரவு 9.33

தேவி அக்கா, உங்கள் நடை உங்களுக்குச் சரி. குதிகால் மட்டும் உள்ளதை முழுப்பாதத்துக்குரியதைவிட மேலாக ஏற்கும் ஆய்வாளர்களும் உண்டு. ஆனால் முன்பாதத்தால் உந்தி நடக்கும் வேகமான இளையவர்களும், மேடேறிப் போக வேண்டியவர்களும் பின்னால் வழுகுவதாகச் சொல்கிறார்கள். என் பணியாளர்களுள் இரண்டு கட்சிகள் இருக்கின்றன. நான் முழுப்பாதக் கட்சி, ஆனால் இதை யாரும் வென்று முடித்ததாக எனக்குத் தெரியவில்லை.

கொக்குவிலான் · ஜனவரி 19, இரவு 8.20

L அளவில், முழுப்பாதத்துக்கும் ஆணி வைத்த வகையை எனக்கும், அம்மாவின் சப்பாத்தின் வெளிப்புற நீளத்தை அளந்து (28 சென்டிமீட்டர்) அவருக்கும் வாங்கினேன். அம்மாவின் பாதம் 23.5 சென்டிமீட்டர்தான், சப்பாத்து எவ்வளவு ஏமாற்றுகிறது என்று அப்போதுதான் பார்த்தேன். மாட்டுவதில் ஒரு முறை இருக்கிறது: நுனியை முதலில் கோர்த்து, பிறகு குதிகாலை இழுத்து, கடைசியில் பக்கங்களை நேராக்க வேண்டும். இதைக் கதிரையில் இருந்துகொண்டே, வீட்டுக்குள்ளேயே செய்து, பாதத்தின் அடியைக் கையால் தடவிக் குதிகாலுக்கு நடுவே ஆணிகள் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்கிறோம்.

ஆனால் இன்று நடந்ததையும் சொல்ல வேண்டும். நடைபாதையில் அம்மா நன்றாகவே நடந்தார். கடைவாசலில் கம்பளம் முடிந்து மினுக்கிய ஓடு தொடங்கிய இடத்தில், முதல் அடியிலேயே அவரது கால் 'கிறீச்' என்ற சத்தத்தோடு சறுக்கியது. தோளைப் பிடித்துக்கொண்டேன். இரும்பு முனைகள் ஐஸில் இறங்கும். ஓட்டில் இறங்க இடமில்லை, எடை முழுவதும் பத்துப் பன்னிரண்டு சிறு முனைகளில் நிற்கும்போது ரப்பர் தரையைத் தொடவே இல்லை. முல்லை முன்கூட்டியே சொன்னது இதுதான் என்று இப்போது புரிகிறது.

முல்லை · ஜனவரி 19, இரவு 9.05

அதே. வெளியே விழுந்தவர்கள் பலர் என்னிடம் வருகிறார்கள், ஆனால் வாசலில் விழுந்தவர்களும் கணிசமாக இருக்கிறார்கள். அவர்கள் தங்கள் கிரிப்பை அல்ல, தரையைக் குறை சொல்கிறார்கள். சுரங்க ரயில் நிலையப் படிகள், மால்களின் பளிங்குத் தரை, வீட்டுக் குளியலறை ஓடு எல்லாம் ஒன்றுதான். காரை ஓட்டும்போதும் கழற்றி வையுங்கள். மிதியில் ஆணி சிக்கும் அல்லது வழுகும். திருகாணிச் சப்பாத்துக்கு நான் தயங்கியதும் இதற்காகவே.

முதியவர்கள் கழற்றுவதற்கு அருகிலேயே உட்கார இடம் இருக்க வேண்டும். ஒற்றைக் காலில் நின்று கழற்றச் சொல்வது, விழாமல் இருக்கத் தந்ததை விழுவதற்கே தருவதாகும். வாசலில் உட்கார இடம் இல்லாத கடையென்றால், தேவி அக்காவின் மடக்கும் வகைக்கு அங்கே நான் கட்சி மாறுவேன்.

ஒஸ்லோ தேவி · ஜனவரி 19, இரவு 10.58

வரவேற்கிறோம்.

வடதுருவன் · ஜனவரி 22, காலை 11.11

ஆணி, கம்பிச்சுருள் என்று அடித்துக்கொள்கிறீர்கள். நியூசிலாந்தின் டனீடனில் சப்பாத்துக்கு மேல் காலுறையை மாட்டிச் சரிவான தெருவில் நடந்து பார்த்து, அது வழுக்கலைக் குறைக்கிறது என்று ஆய்வாகவே வெளியிட்டார்கள். 2010இல் அதற்கு இக் நோபல் பரிசு கிடைத்தது. என் மனைவி இனி எனக்கு இதைத்தான் வாங்கித் தரப்போவதாகச் சொல்கிறார்.

கொக்குவிலான் · ஜனவரி 22, பிற்பகல் 2.40

சிரித்தேன், பிறகு தபால் எடுக்கப் போகும் 20 மீட்டருக்கு அம்மாவின் பழைய கம்பளிக் காலுறையை மாட்டிப் பார்த்தேன். காய்ந்த ஐஸில் ஆச்சரியமாகப் பிடித்தது. நீர் நின்ற இடத்தில் ஒரே நிமிடத்தில் நனைந்து, உறைந்து, என் காலில் இரண்டாவது நடைபாதை முளைத்தது.

சுன்னாகத்தார் · ஜனவரி 24, காலை 6.50

இத்தனை நாளாகப் படித்தேன். நான் கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் சப்பாத்தின் அடியில் 'ஐஸ்' என்று எழுதியிருக்கிறதே, அது போதாதா?

முல்லை · ஜனவரி 24, இரவு 8.15

ஐயா, எழுதியிருப்பதை வைத்து முடிவு செய்ய முடியாது. டொரன்டோவில் மறுவாழ்வு ஆய்வு நிறுவனத்துக்குக் குளிர்கால ஆய்வுக்கூடம் ஒன்று இருக்கிறது. தரை முழுவதும் உண்மையான ஐஸ், அதைச் சாய்க்கலாம், நடப்பவர் மேலிருந்து கட்டப்பட்டிருப்பார். சறுக்கும் வரை சாய்வைக் கூட்டுவார்கள். 7 பாகை சாய்வில், குளிர்ந்த உலர் ஐஸிலும் நீர் நின்ற ஐஸிலும் நிலைத்தால் ஒரு பனிச்செதில் சின்னம். 7 பாகை என்பது ஏறத்தாழ 8 அடிக்கு 1 அடி ஏற்றம். ஒன்டாரியோவில் நடைபாதை தெருவுக்கு இறங்கும் சரிவுகளைக் கணக்கில் வைத்து எடுத்த எல்லை. 2016இல் வெளியிட்ட முதல் பட்டியலில் 98 சப்பாத்துகளைச் சோதித்ததில் 9 மட்டுமே அந்த ஒரு சின்னத்தைத் தொட்டன. விலைக்கும் அதற்கும் தொடர்பு இருக்கவில்லை. உங்கள் சப்பாத்து அவற்றுள் ஒன்றாக இருக்கலாம், ஆனால் அந்த வார்த்தை அதற்குச் சான்று அல்ல.

சுன்னாகத்தார் · ஜனவரி 24, இரவு 8.40

சரி, மகள். ஆனால் கால் விறைக்காது.

கொக்குவிலான் · பெப்ரவரி 17, இரவு 9.30

தொடக்கத்தில் 'ஏமாற்று' என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன், ஆனால் முழுவதுமாக அல்ல. உறையில் சப்பாத்து அளவை மட்டும் அச்சிட்டு, வெளிப்புற நீளத்தைச் சொல்லாமல் விற்பது இன்னும் எனக்குக் கோபமூட்டுகிறது.

தேய்வதைப் பற்றி ஒரு குறிப்பு. ஐஸ் இல்லாத நாட்களில் காய்ந்த காங்கிரீட்டில் இவற்றோடு நடந்தேன். ஐந்து வாரத்திலேயே முன் ஆணிகள் நான்கின் கூர் உருண்டுவிட்டது. ஆணியை நகத்தின் மேல் மெதுவாக இழுத்துப் பார்த்துக் கண்டுபிடித்தேன்: புதியது நகத்தைச் சுரண்டுகிறது, தேய்ந்தது வழுகிப் போகிறது. ரப்பரையும் இழுத்து வெளிச்சத்தில் பார்க்கிறேன்; ஆணி பொருந்திய ஓட்டைகளைச் சுற்றி வெண்மையாக நூல் போன்ற கீறல் தெரிகிறது, அது குளிரில் ஒரு நாள் அறுந்துவிடும் போலிருக்கிறது. இப்போது அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, ஐஸ் இருக்கும் துண்டில் மட்டும் மாட்டுகிறோம். அந்த மாட்டலும் கழற்றலும்தான் அம்மாவுக்கு மிகப் பெரிய தொல்லை; நான்கு நாட்களுக்கு முன் அலுத்துப்போய் மாட்டாமலே போய், பாதி வழியில் திரும்பி வந்தார்.

முல்லை · பெப்ரவரி 17, இரவு 10.20

அந்தத் தொல்லைக்கு என்னிடம் நல்ல விடை இல்லை. பழைய கம்பிச்சுருளை எறிந்துவிட்டீர்களா? L அளவில் வாங்கி, மெல்லிய பனிப்பொடி படர்ந்த காய்ந்த நாட்களுக்கு அதை வைத்திருக்கலாம். ஆனால் ஈரப்பனி பெய்யும் நாளில் அது சுருள்களுக்கிடையே பனியை அடைத்துக்கொண்டு கட்டியாகும். நிற்கும்போதெல்லாம் காலைத் தரையில் தட்டி உதிர்க்க வேண்டும்.

கொக்குவிலான் · மார்ச் 3, காலை 8.55

எறியவில்லை, அளவு சிறியது என்பதால் சப்பாத்து சிறிய என் மகளுக்குக் கொடுத்துவிட்டேன். அவளது சப்பாத்தின் வெளிப்புற நீளம் 27 சென்டிமீட்டர். குதிகாலில் கம்பி நிற்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன். இன்று −1 பாகை, நேற்றைய மழை உறைந்து தெருமுனைச் சரிவு கண்ணாடி போலிருக்கிறது. அம்மா என் கையைப் பிடித்து இறங்கினார், எதிர்க்கரையில் மின்கம்பத்தைப் பிடித்து நின்றார், பிறகு மருந்துக்கடை வாசலில் வைத்திருக்கும் அந்த ஒற்றைக் கதிரையில் இருந்து கழற்றினார். மருந்து வாங்கி முடித்ததும் மறுபடி மாட்டினார். மொத்தம் ஒன்பது நிமிடம்.